கேமரா கார்டு காலி என்று காட்டும்போது

கேமராவின் மெமரி கார்டில் படங்களோடு, அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் பதிகிறது. கார்டு பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு படம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எத்தனை கட்டங்களை நிரப்புகிறது, அதன் பெயர் என்ன, எப்போது எடுத்தது என்பவற்றைக் கார்டின் தொடக்கப் பகுதியில் உள்ள அட்டவணையும் ஃபோல்டர் பட்டியலும் சொல்கின்றன. கேமராவோ கணினியோ கார்டைத் திறக்கும்போது முதலில் படிப்பது இவற்றைத்தான். பட்டியலில் பெயர் இல்லையென்றால் திரையில் "படம் இல்லை" என்று வரும். கட்டங்களில் படம் இருக்கிறதா என்று எந்தக் கருவியும் தானாகப் போய்ப் பார்ப்பதில்லை.

32 ஜிபி கார்டு ஒன்றில் இந்த அட்டவணைக்குப் போகும் இடம் மிகவும் குறைவு. ஒவ்வொரு கட்டமும் 32 கேபி என்றால், ஏறத்தாழ 9,76,000 கட்டங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் குறிப்பு வீதம் அட்டவணை 4 எம்பி அளவில் முடிந்துவிடும். பாதுகாப்புக்காக அதன் நகல் ஒன்றும் இருக்கும். ஆக, 32,000 எம்பி உள்ள கார்டில் சுமார் 8 எம்பி பழுதானாலோ புதிதாக எழுதப்பட்டாலோ கார்டு முழுவதும் காலியாகத் தெரியும்.

ஒரு படத்தை அழிக்கும்போதும் நடப்பது ஏறத்தாழ இதுதான். பட்டியலில் அந்தப் படத்துக்குரிய 32 பைட் குறிப்பின் முதல் பைட் மாற்றப்படுகிறது. அது இருந்த கட்டங்கள் "காலி" என்று குறிக்கப்படுகின்றன. கட்டங்களுக்குள் இருக்கும் படம் அப்படியே கிடக்கும். கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்தால் பழைய அட்டவணையின் மேல் வெற்று அட்டவணை எழுதப்படும். பெரும்பாலான கேமராக்களில் படப்பகுதி தொடப்படுவதில்லை. தொலைந்த படங்களை மீட்க முடிவதற்கு இதுவே காரணம். மீட்கும் வாய்ப்பு கெடுவதற்கும் இதுவே காரணம். காலி என்று குறிக்கப்பட்ட கட்டங்களில் புதிய படம் எதையும் எழுதலாம் என்றுதான் கேமரா நினைக்கும். மேலே புதிதாக எழுதப்பட்ட கட்டத்திலிருந்து பழைய படத்தை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது.

முதல் வேலை: எழுதுவதை நிறுத்துவது

கார்டு காலி என்று தெரிந்ததும் கேமராவை அணைத்து, கார்டு விளக்கு நின்றபின் கார்டை வெளியே எடுக்க வேண்டும். "ஒரு படம் எடுத்துப் பார்ப்போம், பதிகிறதா என்று தெரியட்டும்" என்று சோதிப்பது கூடாது. அந்த ஒரு படம் பழைய படம் ஒன்றின் மேல் உட்காரக்கூடும். வேலை தொடர வேண்டுமென்றால் வேறு கார்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எஸ்டி கார்டின் இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறு தள்ளுபொத்தான் உண்டு. அதை LOCK என்ற பக்கம் தள்ளிவிட வேண்டும். கணினியில் செருகியவுடன் கார்டில் எதுவும் எழுதப்படாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. விண்டோஸ் System Volume Information என்ற ஃபோல்டரை உருவாக்கக்கூடும். மேக் கணினி .Spotlight-V100, .fseventsd போன்ற மறைந்த ஃபோல்டர்களை எழுதும். ஆண்ட்ராய்டு போனில் போட்டால் அதுவும் தனக்கான ஃபோல்டர்களை உருவாக்கும். இவை அளவில் சிறியவையே. ஆனால் அவை எந்தக் கட்டத்தில் போய் விழும் என்பது நம் கையில் இல்லை.

பூட்டுப் பொத்தானுக்கும் ஓர் எல்லை உண்டு. அது கார்டுக்குள் எந்த மின்சுற்றையும் துண்டிப்பதில்லை. பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்று கார்டு ரீடர் பார்த்துத் தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். சில மலிவான ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மைக்ரோ எஸ்டி கார்டில் பொத்தான் கிடையாது. அதைப் பெரிய எஸ்டி அடாப்டரில் செருகி, அடாப்டரின் பொத்தானைப் பூட்டலாம்.

படங்கள் இந்தக் கார்டில்தான் பதிந்தனவா?

மீட்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். கார்டு இல்லாமலேயே ஷட்டரை இயக்க அனுமதிக்கும் அமைப்பு பல கேமராக்களில் உண்டு. கடைகளில் வாடிக்கையாளர்கள் கேமராவைச் சோதிப்பதற்காக வைத்த வசதி அது. கேனான் மெனுவில் Release shutter without card என்றும், சோனியில் Release w/o Card என்றும், நிக்கானில் Slot empty release lock என்றும் பெயர். நிக்கானில் இப்படி எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது Demo என்ற சொல் தெரியும். கார்டைக் கணினியில் விட்டுவிட்டு வெறும் கேமராவோடு விழாவுக்குப் போனவரின் படங்கள் எங்கேயும் பதிந்திருக்காது. அப்போது கார்டைத் தோண்டிப் பயனில்லை.

இரண்டு கார்டு போடும் கேமராவில், படங்கள் மற்ற கார்டுக்குப் போயிருக்கலாம். சிறிய கையடக்கக் கேமராக்கள் சிலவற்றில் உள்நினைவகம் உண்டு. கார்டு சரியாகச் செருகப்படாதபோது படங்கள் அங்கே பதிந்துவிடும். கார்டை வெளியே எடுத்துவிட்டு கேமராவில் படங்களைப் பார்த்தால் அவை தெரியும்.

கார்டில் படம் இருந்தும் கேமரா காட்டாமல் இருப்பதும் உண்டு. நிக்கான் கேமராக்களில் Playback folder என்ற அமைப்பு ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டும்படி இருந்தால், மற்ற ஃபோல்டர்களில் உள்ளவை கண்ணில் படாது. அதை All என்று மாற்றினால் போதும். சோனி கேமராக்களில் ஒரு படத் தரவுத்தளம் தனியாக உண்டு. கணினியில் கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றியிருந்தால் அந்தத் தரவுத்தளம் குழம்பிவிடும். Recover Image DB என்ற கட்டளை அதைச் சரிசெய்யும். ஆனால் அது கார்டில் எழுதும் வேலை. ஆகவே படங்களை நகலெடுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

கேமராவின் கோப்பு எண்ணும் ஒரு தடயம். எண்ணிடல் தொடர்ச்சியாக இருக்கும்படி அமைத்திருந்தால், கடைசியாகக் கொடுத்த எண்ணைக் கேமரா நினைவில் வைத்திருக்கும். புதிதாக ஃபார்மட் செய்த வேறு கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்தால் அதன் பெயர் தெரியும். விழாவுக்கு முன் கணினிக்கு மாற்றிய கடைசிப் படம் IMG_4000, இப்போது எடுத்தது IMG_4613 என்றால், இடையில் 612 படங்கள் கோப்பாகப் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை படங்களைத் தேட வேண்டும் என்ற கணக்கும் இதிலிருந்தே கிடைக்கிறது.

கார்டு ரீடரையும் சந்தேகிக்க வேண்டும். 32 ஜிபி வரை உள்ள எஸ்டிஎச்சி கார்டுகள் FAT32 முறையிலும், அதற்கு மேல் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் exFAT முறையிலும் வருகின்றன. பழைய ரீடரோ பழைய கணினியோ 64 ஜிபி கார்டைப் புரிந்துகொள்ளாமல் காலி என்றோ, ஃபார்மட் செய்யவேண்டும் என்றோ சொல்லலாம். வேறொரு புதிய ரீடரில் அதே கார்டு ஒழுங்காகத் திறந்துவிடும். கார்டின் பொன்னிறப் பட்டைகளில் அழுக்கு இருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பார்க்கலாம். அழிரப்பரால் அழுத்தித் தேய்ப்பது பட்டையைக் கெடுக்கும்.

கணினி சொல்லும் நான்கு செய்திகள்

பூட்டிய கார்டை ரீடரில் செருகியதும் விண்டோஸ் சில சமயம் You need to format the disk என்று தொடங்கும் பெட்டியைக் காட்டும். அதில் Cancel என்பதே சரியான விடை. Scan and fix என்று கேட்டாலும் மூடிவிட வேண்டும். அது ஓடவிடும் chkdsk என்ற கருவியின் நோக்கம் கார்டை மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவது. படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. பட்டியலோடு ஒத்துவராத தரவை அது துண்டுகளாக வெட்டி FOUND.000 என்ற ஃபோல்டரில் FILE0000.CHK என்ற பெயர்களில் போட்டுவிடும். மீட்பு மென்பொருளுக்கு வழிகாட்டக்கூடிய பழைய குறிப்புகள் அந்தச் சுத்திகரிப்பில் போய்விடும்.

பெட்டியை மூடிய பிறகு, கார்டின் மேல் வலது சொடுக்கில் Properties திறந்து நான்கு செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: File system, Used space, Free space, Capacity. என்ன கோளாறு என்பதைப் பெரும்பாலும் இவையே சொல்லிவிடும்.

Used space பல ஜிபி காட்டுகிறது, ஆனால் ஃபோல்டர் எதுவும் தெரியவில்லை என்றால் படங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கின்றன. பிரிண்ட் கடை, ஸ்டுடியோ போன்று பலருடைய கார்டுகள் வந்துபோகும் கணினிகளில் ஷார்ட்கட் வைரஸ் என்று அழைக்கப்படும் ஒன்று பரவுவதுண்டு. அது DCIM ஃபோல்டரை மறைந்த கோப்பு, கணினிக் கோப்பு என்று குறித்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கும். அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் வைரஸ் இந்தக் கணினிக்கும் வந்துவிடும். விண்டோஸின் ஃபோல்டர் அமைப்புகளில் Show hidden files என்பதைத் தேர்ந்து, Hide protected operating system files என்பதை நீக்கினால் DCIM மங்கலாகத் தெரியும். அதை அப்படியே கணினிக்கு நகலெடுத்துவிடலாம். இதற்குக் கார்டில் ஒரு பைட் கூட எழுதத் தேவையில்லை. மேக் கணினியில் கார்டிலிருந்து குப்பைத்தொட்டிக்கு அனுப்பிய படங்களும் .Trashes என்ற மறைந்த ஃபோல்டரில் கார்டிலேயே இருக்கும். மறைந்த எதுவும் இல்லாமலேயே Used space பெரிதாக இருந்தால், ஃபோல்டர் பட்டியல் சிதைந்திருக்கிறது என்று பொருள்.

Used space மிகக் குறைவாகவும் Capacity சரியாகவும் இருந்தால், கார்டு ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது அல்லது படங்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன. அதன்பின் எவ்வளவு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே மீட்பு அமையும்.

File system என்ற இடத்தில் RAW என்று இருந்தால், கார்டின் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகள் கெட்டிருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினாலோ, அந்த நேரம் பேட்டரி தீர்ந்தாலோ இப்படி ஆகும். இந்த நிலையில் படங்கள் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும்.

Capacity தவறாக இருப்பது நான்காவது நிலை. 32 ஜிபி கார்டு சில எம்பி என்று காட்டினால் கெட்டது அட்டவணை அல்ல. கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பழுது. இங்கே எந்த மென்பொருளும் உதவாது. மறுபடி மறுபடி செருகி எடுப்பதால் நிலைமை மோசமாகலாம். இப்படிப்பட்ட கார்டைத் தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

32 ஜிபி கார்டை விண்டோஸ் 29.8 ஜிபி அளவில் காட்டுவது கோளாறு அல்ல. உற்பத்தியாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது.

போலிக் கார்டுகள் இந்த வகைப்பாட்டுக்குள் அடங்காது. 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 64 ஜிபி என்று பொய் சொல்லும்படி அவை தயாரிக்கப்படுகின்றன. Capacity 64 ஜிபி என்றே காட்டும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியபின் எடுத்த படங்கள் எங்கேயும் பதிவதில்லை, அல்லது முந்தைய படங்களின் மேல் விழுகின்றன. முதலில் எடுத்த சில நூறு படங்கள் மட்டும் திறந்து, பிறகு எடுத்தவை பெயர் இருந்தும் திறக்காவிட்டால் கார்டைச் சந்தேகிக்கலாம். இதைக் கண்டறிய H2testw, F3 போன்ற கருவிகள் உண்டு. அவை கார்டின் காலி இடம் முழுவதும் எழுதிப் பார்த்துத்தான் சொல்லும். எனவே மீட்பு முடியும்வரை அவற்றை ஓட்டவே கூடாது.

முழு நகல்

மீட்பு வேலையைக் கார்டின் மேல் நேரடியாகச் செய்யக்கூடாது. முதலில் கார்டின் ஒவ்வொரு பைட்டையும், காலி என்று குறிக்கப்பட்ட கட்டங்கள் உட்பட, ஒரே பெரிய கோப்பாகக் கணினியில் நகலெடுக்க வேண்டும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அது நகலாகாது, பட்டியலில் உள்ளவை மட்டுமே வரும். முழு நகல் கையில் இருந்தால், ஒரு மென்பொருள் தோற்றாலும் இன்னொன்றை அதே நகலில் சோதிக்கலாம். கார்டே நாளை செத்துப்போனாலும் இழப்பில்லை.

நகலுக்குத் தேவையான இடம் கார்டின் முழுக் கொள்ளளவு. படங்கள் 5 ஜிபிதான் என்றாலும் 32 ஜிபி கார்டுக்கு 32 ஜிபி இடம் வேண்டும். நகலை வைக்கும் ஹார்டு டிஸ்க் FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது. NTFS அல்லது exFAT ஆக இருக்க வேண்டும்.

விண்டோஸில் Win32 Disk Imager என்ற இலவசக் கருவி இந்த வேலையைச் செய்யும். அதில் Read என்பது கார்டிலிருந்து கணினிக்கு எடுப்பது. Write என்பது கணினியிலிருந்து கார்டின் மேல் எழுதுவது. மாற்றி அழுத்தினால் படங்கள் போய்விடும். Read Only Allocated Partitions என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட வேண்டும்.

கார்டில் படிக்க முடியாத இடங்கள் இருந்தால் சாதாரண நகல் கருவிகள் அந்த இடத்தில் நின்றுவிடும். அப்போது லினக்ஸில் ஓடும் ddrescue என்ற கருவி தேவைப்படும். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று தனிக் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

```
lsblk -o NAME,SIZE,FSTYPE,MODEL
sudo ddrescue -n /dev/sdb card.img card.map
sudo ddrescue -d -r3 /dev/sdb card.img card.map
```

முதல் வரி கணினியில் இணைந்திருக்கும் டிஸ்குகளைக் காட்டும். 29.8G அளவுள்ளதுதான் கார்டு. அதன் பெயர் sdb ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த வரியில் அந்தப் பெயரை இட வேண்டும். sdb1 என்ற பகுதியை எடுக்காமல் sdb என்று முழுவதையும் எடுக்க வேண்டும். இரண்டாம் வரி எளிதில் படிக்கக்கூடியதை எல்லாம் எடுக்கும். மூன்றாம் வரி மிச்சமிருக்கும் இடங்களை மும்முறை முயலும். கட்டளையில் கார்டின் பெயர் முதலிலும் நகலின் பெயர் அடுத்தும் வர வேண்டும். வரிசை மாறக் கூடாது.

நொடிக்கு 40 எம்பி படிக்கும் ரீடரில் 32 ஜிபி கார்டின் நகல் 14 நிமிடத்தில் முடியும். வேகம் சில கேபி அளவுக்கு இறங்கி, கார்டு சுட்டு, அடிக்கடி இணைப்பு அறுந்தால் சில்லு தளர்கிறது என்று பொருள். படங்கள் மதிப்புள்ளவை என்றால் அங்கேயே நிறுத்தி ஆய்வகத்திடம் கொடுப்பது நல்லது. நகல் முடிந்ததும் கோப்பின் அளவு கார்டின் அளவோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கார்டை உறையில் போட்டு எடுத்துவைத்துவிடலாம்.

ஓர் உதாரணம்

ஒரு திருமணத்தில் 32 ஜிபி கார்டில் 612 படங்கள் எடுக்கப்பட்டன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக 8 எம்பி. மொத்தம் 4.9 ஜிபி. மறுநாள் உதவியாளர் வேறு கார்டு என்று நினைத்து அதைக் கேமராவில் ஃபார்மட் செய்து, 20 படங்கள் எடுத்த பிறகே தவறு தெரிகிறது. கணினியில் பார்த்தால் File system FAT32, Capacity 29.8 ஜிபி, Used space சுமார் 160 எம்பி. எண்கள் சொல்வது தெளிவு: கார்டு நலம், அட்டவணை புதிது, 160 எம்பி எழுதப்பட்டுவிட்டது.

ஃபார்மட் ஆன கார்டில் கேமராக்கள் பொதுவாகத் தொடக்கத்திலிருந்தே நிரப்பிச் செல்லும். ஆகவே புதிய 20 படங்கள், திருமணத்தின் முதல் 20 படங்கள் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அவை மீளாது. 21ஆவது படம் பாதி அழிந்திருக்கலாம். மிச்சமிருக்கும் ஏறத்தாழ 590 படங்கள் தொடப்படாமல் கிடக்கும். தவறு தெரிந்த பிறகும் மாலை வரை அதே கார்டில் 300 படங்கள் எடுத்திருந்தால், கல்யாணத்தின் முற்பாதி முழுவதும் போயிருக்கும்.

நகல் எடுத்தபின் PhotoRec என்ற இலவச மென்பொருளை அந்த நகலின் மேல் ஓட்டலாம். இது பட்டியலை நம்புவதில்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் FF D8 FF என்ற பைட்டுகளில் தொடங்கும். நகலின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தத் தொடக்கத்தைத் தேடி, அங்கிருந்து படத்தை எடுத்து recup_dir.1 என்ற ஃபோல்டரில் போடும். பழைய பெயர் பட்டியலில்தான் இருந்தது என்பதால் IMG_4001 என்ற பெயர் திரும்பி வராது. f0123456.jpg போன்ற புதுப்பெயர்கள் வரும். எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். சில கேபி அளவுள்ள சிறு படங்களும் கூடவே வந்தால் அவை படத்துக்குள் இருக்கும் முன்னோட்டப் படங்கள். ஃபார்மட் செய்யாமல் அழிக்க மட்டும் செய்திருந்தால், பழைய குறிப்புகள் மிச்சமிருக்கும். PhotoRec-உடன் வரும் TestDisk மூலம் பெயரோடும் மீட்க முயலலாம்.

இந்த முறை பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தின் கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஃபார்மட் செய்த கார்டில் தொடர்ந்து எடுத்த படங்கள் அப்படித்தான் இருக்கும். இடையிடையே சில படங்களை அழித்து அழித்து எடுத்த கார்டில், ஒரு படம் இரண்டு மூன்று இடங்களில் சிதறியிருக்கும். அவற்றை மீட்டால் மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வேறொரு படமாகவோ வரும். வீடியோக்கள் பெரியவை என்பதால் இந்தச் சிதறலில் அதிகம் மாட்டுகின்றன. எனவே மீட்ட கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். முன்னோட்டம் அழகாகத் தெரிந்தும் உள்ளே படம் உடைந்திருப்பது உண்டு.

மென்பொருள் எதையுமே கண்டுபிடிக்காமல் போகும் சந்தர்ப்பமும் உண்டு. கேனான் கேமராக்களில் Low level format என்ற கட்டத்தைத் தேர்ந்து ஃபார்மட் செய்தால் படப்பகுதியும் சேர்ந்து அழிகிறது. வேறு சில கேமராக்களும் ஃபார்மட்டின்போது கார்டுக்கு அழிப்புக் கட்டளை அனுப்புகின்றன. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நகல் கோப்பை zip முறையில் சுருக்கிப் பார்க்க வேண்டும். படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவை மேலும் சுருங்காது. 32 ஜிபி நகல் சில பத்து எம்பியாகச் சுருங்கிவிட்டால் உள்ளே வெறும் சுழியங்கள்தான் இருக்கின்றன. அதற்குமேல் எத்தனை மென்பொருள் வாங்கினாலும் பணம்தான் வீண்.

பிறரிடம் கொடுக்கும்போது

கார்டை எந்தக் கணினியும் கண்டுகொள்ளாதபோதும், கொள்ளளவு தவறாகக் காட்டும்போதும், உடைந்தோ நனைந்தோ இருக்கும்போதும் ஆய்வகம்தான் வழி. அங்கே கட்டுப்பாட்டுச் சில்லைத் தவிர்த்து, நினைவகச் சில்லை நேரடியாகப் படிக்க முயல்கிறார்கள். மைக்ரோ எஸ்டி கார்டுகளில் எல்லாம் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருப்பதால், மேல்பூச்சைச் சுரண்டி மெல்லிய கம்பிகளை இணைக்க வேண்டியிருக்கும். அப்படிப் படித்த தரவும் கலைத்துப்போட்ட வடிவில் இருக்கும். அதை வரிசைப்படுத்துவது தனி வேலை. செலவு கூடுவதற்குக் காரணம் இதுதான்.

கார்டை யாரிடம் கொடுத்தாலும், மேலே குறித்த நான்கு செய்திகள், கேமராவின் பெயர், படங்களின் தோராய எண்ணிக்கை, காலி என்று தெரிந்தபின் என்னென்ன செய்யப்பட்டது ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் முழு நகல் எடுப்பார்களா என்று கேட்க வேண்டும். "ஃபார்மட் போட்டுப் பார்த்துவிடலாம்" என்று சொல்லும் கடையில் கார்டைக் கொடுக்கக் கூடாது.

மீட்ட படங்களைக் கார்டுக்கே திருப்பி எழுதக்கூடாது. அவற்றைத் திறந்து சரிபார்த்து, இரண்டு வேறு இடங்களில் சேமித்த பிறகே கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்து மறுபடி பயன்படுத்தலாம். தவறி ஃபார்மட் ஆன கார்டு, வைரஸ் மறைத்த கார்டு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நகலெடுக்கும்போது படிக்க முடியாத இடங்கள் காட்டிய கார்டும், போலி என்று தெரிந்த கார்டும் மறுபடி கேமராவுக்குள் போகக் கூடாது.